நம்பர் கேட்பதற்கு முன்

ரயிலில், புத்தகக் கண்காட்சியில், யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் ஒரு மணி நேரம் நன்றாகப் பேசிய ஒருவரிடம் "நம்பர் கிடைக்குமா?" என்று கேட்பது எனக்கு ரொம்ப நாள் ஒரு சாதாரண விஷயமாகத்தான் தெரிந்தது. மதுரைக்காரன் நான், வேலை சென்னையில். மாதம் ஒரு தடவையாவது வைகை எக்ஸ்பிரஸில் போய் வருகிறவன். எதிர் சீட்டில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் திண்டுக்கல் தாண்டுவதற்குள் "தம்பி நம்பரைச் சொல்லுங்க, மிஸ்டு கால் விடுறேன்" என்பார், நானும் சொல்லிவிடுவேன். ஆண்களுக்குள் அது அவ்வளவுதான். முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் அதையே கேட்கும்போது கேள்வியே வேறாகிவிடுகிறது என்பது எனக்கு இரண்டு தவறுகளுக்குப் பிறகுதான் புரிந்தது. ஒன்று பெரிய தவறு.

பெரிய தவறை முதலில் சொல்கிறேன். 2019. ஞாயிறு காலையில் ஏரிகளுக்குப் பறவை பார்க்கப் போகும் ஒரு குழு, நாற்பது பேர் வரை இருக்கும் வாட்ஸாப் குரூப். ஒரு நடையில் ஒரு பெண்ணுடன் அரை மணி நேரம் பேசினேன், நீர்க்காகத்துக்கும் பாம்புத்தாராவுக்கும் என்ன வித்தியாசம் என்பதில் ஆரம்பித்து எங்கெங்கோ போன பேச்சு. கிளம்பும்போது நம்பர் கேட்கத் தயக்கம். சரி, குரூப்பில்தான் எல்லார் நம்பரும் இருக்கிறதே என்று அன்று இரவு அதிலிருந்தே எடுத்து "ஹாய், காலையில பார்த்தோம்ல" என்று அனுப்பினேன். "என் நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைச்சது?" என்று பதில் வந்தது. குரூப்பிலிருந்து எடுத்தேன் என்றேன், கூடவே "தப்பா நினைக்காதீங்க" என்று மூன்று மெசேஜ் அனுப்பினேன். மறுநாள் அவர் குரூப்பை விட்டே விலகிவிட்டார்.

குழுவை நடத்தியவர் எனக்குப் போன் செய்தார், திட்டவில்லை. "அவங்க ரெண்டு வருஷமா வர்றவங்க தம்பி, இனிமே வர மாட்டாங்களாம்" என்று மட்டும் சொன்னார். என் ஒரு மெசேஜால் அந்தப் பெண்ணுடைய ஞாயிற்றுக்கிழமை போயிற்று. மன்னிப்பை நானாக அவருக்கு அனுப்பவில்லை, குழுவை நடத்தியவர் மூலமாகச் சொல்லச் சொன்னேன், நான் இனி வரவில்லை என்பதையும் சேர்த்து. மறுபடி ஒரு மெசேஜ் போயிருந்தால் அது மன்னிப்பாக இருந்தாலும் அவருக்கு அதே பயம்தான். குரூப்பில் நம்பர் கண்ணுக்குத் தெரிகிறது என்பதாலேயே அது நமக்குக் கொடுக்கப்பட்டது ஆகாது. அவர் அதைக் கொடுத்தது, நடை எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொள்ள மட்டும்.

இரண்டாவது ரயிலில் நடந்தது. திருச்சி தாண்டியதும் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் நம்பர் கேட்டேன். அவர் ஒரு நொடி ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார். நான் அந்தப் பெரியவர்கள் செய்வது மாதிரியே அங்கேயே டயல் செய்து "மிஸ்டு கால் விடுறேன், சேவ் பண்ணிக்கோங்க" என்றேன். அவர் கையில் இருந்த போன் அடிக்கவில்லை. கடைசி எண்ணை மாற்றிச் சொல்லியிருந்தார் போல. அவர் முகம் வெளுத்துப்போனது. "சிக்னல் இல்ல போல" என்று நானே சொல்லிப் போனைப் பையில் போட்டேன். ஆனால் திருச்சியிலிருந்து எழும்பூர் இன்னும் நாலைந்து மணி நேரம், அவ்வளவு நேரமும் அவர் இயர்போனைக் காதில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார். சீட் அது, எழுந்து போகவும் வேறு இடம் கிடையாது.

இதை ஊருக்குப் போனபோது தங்கச்சியிடம் சொன்னேன். என் மேல் தவறு என்று எனக்குத் தெரியும், என்ன தவறு என்றுதான் தெரியவில்லை. அவள் சொன்னது இது: "அண்ணே, நீ கேட்டது பத்து நம்பர் இல்ல. அதை வச்சு ஜீபேல போட்டா பேங்க்ல இருக்கிற என் முழுப்பேரு வரும். ட்ரூகாலர்ல போட்டா யாராவது என்னைச் சேவ் பண்ணி வச்சிருக்கிற பேரு வரும். வாட்ஸாப்ல டிபி வரும், அதுல வீட்டு ஆளுங்க இருப்பாங்க. நீ வேணாம்னு எனக்கு அப்புறம் தோணுச்சுன்னா நான் என்ன பண்ண முடியும்? பேங்க், ஆதார், கேஸ் புக்கிங், காலேஜ் எல்லாத்துக்கும் அந்த நம்பர்தான். மாத்தவா முடியும்?"

அதோடு, இது தன் நம்பர் என்று கடைக்காரருக்குத் தெரியக் கூடாதென்று, ரீசார்ஜ் கடைக்குத் தான் போகாமல் அப்பாவையோ என்னையோ அனுப்பிய பழைய நாட்களை ஞாபகப்படுத்தினாள். நான் அப்போதெல்லாம் சோம்பேறித்தனம் என்று நினைத்து அவளைக் கடிந்திருக்கிறேன்.

நான் கேட்கும் முறையே இந்தப் பேச்சுக்குப் பிறகுதான் மாறியது. நம்பரைக் கொடுத்தால் திரும்ப வாங்க முடியாது. பிளாக் செய்யலாம்தான், ஆனால் இன்னொரு சிம்மிலிருந்து அழைப்பு வந்தால் மறுபடியும் அதே கதை. இன்ஸ்டாகிராம் பெயர் அப்படியில்லை. தனிக் கணக்காக வைத்திருந்தால் ரிக்வெஸ்ட் வந்து நிற்கும், அவருக்குத் தோன்றினால் ஏற்கலாம், தோன்றாவிட்டால் நமக்கு எதுவும் சொல்லாமல் அப்படியே விட்டுவிடலாம். பிறகு வேண்டாம் என்று தோன்றினாலும் வெட்டிவிடலாம், வங்கிக் கணக்கு ஒன்றும் அதோடு போகாது. அதனால் குறுகிய சந்திப்பில் நம்பர் கேட்பதை நான் விட்டுவிட்டேன். கேட்டால் இன்ஸ்டா. அதைவிடவும் நல்லது, அவருடையதைக் கேட்காமல் நம்முடையதைக் கொடுத்துவிட்டு வருவது. அப்போது தொடர்புகொள்வதா வேண்டாமா என்பது முழுக்க அவர் கையில்.

சரி, இதெல்லாம் தெரிந்த பிறகு நடந்த ஒரு சந்திப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கே, எப்போது, என்ன வார்த்தையில் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பொங்கல் முடிந்து மதுரையிலிருந்து அதே வைகை. ஜன்னல் ஓரம் ஒரு பெண், நடுவில் ஒரு பெரியம்மா, ஓரத்தில் நான். பெரியம்மாவின் பையை மேலே தூக்கி வைத்ததில் பேச்சு தொடங்கியது. பெரியம்மா கட்டியிருந்தது சுங்குடிப் புடவை. ஜன்னலோரப் பெண் அதைப் பார்த்துவிட்டு "இது பிரிண்ட்டா, முடிச்சா?" என்று கேட்டார். எனக்கு அந்த வித்தியாசமே தெரியாது. துணியைச் சின்னச் சின்னதாகப் பிடித்து நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவார்கள், முடிச்சை அவிழ்த்தால் அந்த இடம் மட்டும் சாயம் ஏறாமல் புள்ளியாக நிற்கும், கையால் போட்டதென்றால் புள்ளிகள் ஒன்றுபோல ஒன்று இருக்காது, பின்பக்கமும் புள்ளி தெரியும் என்று அந்தப் பெண் விளக்கினார். இயற்கைச் சாயம் கற்றுக்கொண்டிருக்கிறாராம். எங்கள் பாட்டியின் பழைய சுங்குடி ஒன்று வீட்டு பீரோவில் இருக்கிறது என்றேன். அவர் கண்ணில் வெளிச்சம். "அதோட பின்பக்கத்தைப் பார்க்கணுமே" என்றார்.

திருச்சி வந்தது. கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. இன்னும் பாதிக்கு மேல் பயணம் இருக்கிறது, அவர் வேண்டாம் என்று நினைத்தால் அதற்கப்புறம் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும், இயர்போன் மாட்டிய அந்தப் பெண்ணை நான் மறக்கவில்லை. விருத்தாசலம், விழுப்புரம் எல்லாம் போனது. இடையில் ஒரு மணி நேரம் அவர் புத்தகம் படித்தார், நான் தொந்தரவு செய்யவில்லை. பிறகு அவராகவே புத்தகத்தை மூடிவிட்டு ஏதோ கேட்டார். இந்த மாதிரி அவர் பக்கத்திலிருந்தும் பேச்சு வருகிறதா என்று பார்ப்பது முக்கியம். நான் மட்டும் கேள்வி கேட்டு அவர் ஒரு வார்த்தையில் பதில் சொல்லிக்கொண்டிருந்தால், அங்கே கேட்பதற்கு எதுவும் இல்லை.

நான் தாம்பரத்தில் இறங்க வேண்டும், அவர் எழும்பூர். இது தற்செயலாக அமைந்தது, ஆனால் அதற்குப் பிறகு நான் எங்கும் இதையே பார்க்கிறேன்: கேட்கிறவன்தான் கிளம்புகிறவனாக இருக்க வேண்டும். அவர் இறங்கும்போது கேட்டால் கூடவே வருவானோ என்று ஒரு பயம் வரும், பிளாட்பாரத்தில் அப்பா காத்திருந்தால் அவருக்கு வீட்டில் கேள்வி வரும். நான் கேட்டுவிட்டு நான் போய்விட்டால் அவருக்குப் பதில் சொல்ல வேண்டிய நெருக்கடியே இல்லை. அதே சமயம் கடைசி அரை நிமிடத்தில், வாசலில் கூட்டம் முண்டும்போதும் கேட்கக் கூடாது, யோசிக்காமல் ஏதோ ஒன்றைச் சொல்ல வைப்பதும் ஒரு நெருக்கடிதான். செங்கல்பட்டு ஏரி தாண்டி, நான் பையை இறக்கி மடியில் வைத்துக்கொண்ட பிறகு, தாம்பரத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கேட்டேன். பெரியம்மா நடுவில் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் விழித்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன், மூன்றாவது ஆள் பார்க்கும்போது ஒரு பெண்ணால் சரி என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

நான் சொன்னது இதுதான், கிட்டத்தட்ட வார்த்தைக்கு வார்த்தை: "நான் தாம்பரத்துல இறங்கிருவேங்க. உங்களோட பேசினது ரொம்பப் பிடிச்சிருந்தது. பாட்டி புடவையோட போட்டோ அனுப்பணும்னு ஆசை. என் இன்ஸ்டா பேரை எழுதித் தரட்டுமா? தோணுச்சுன்னா மெசேஜ் பண்ணுங்க, இல்லைன்னாலும் ஒண்ணுமில்ல."

இதில் ஒவ்வொன்றும் யோசித்து வைத்தது. புடவை என்பது உண்மையான காரணம், பேச்சில் அவரே கேட்டது. காரணம் இல்லாமல் "டச்ல இருக்கலாம்" என்றால் எதற்கு என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கும். ஆனால் காரணத்தை மட்டும் சொல்லி மனதில் இருப்பதை மறைக்கவும் கூடாது. பேசியது பிடித்திருந்தது என்பதைச் சொல்லிவிட்டேன், பிறகு புடவையை வைத்து ஏமாற்றினான் என்று அவர் நினைக்க இடமில்லை. இதே காரணத்தால்தான் "சிஸ்டர்" என்று கூப்பிட்டுவிட்டு நம்பர் வாங்குவது எனக்குப் பிடிக்காது. தங்கச்சியாக நினைக்காத ஒருவரை அப்படிக் கூப்பிட்டு அவருடைய எச்சரிக்கையைக் குறைப்பது பொய். மறுபுறம், பேச்சுக்கு நடுவில் அவர் திடீரென்று "சரிங்கண்ணா" என்று அண்ணா போட ஆரம்பித்தால், அவர் எல்லையைச் சொல்லிவிட்டார். அதைக் கேட்டபிறகு தொடர்பு கேட்கும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு "எழுதிக் கொடுங்க, நான் பார்க்கிறேன்" என்றார். கையில் நோட்டு இருந்தது, ஒரு தாளைக் கிழித்துப் பெரிய எழுத்தில் எழுதினேன். போனில் கியூஆர் காட்டியும் கொடுக்கலாம், புரொஃபைலில் 'ஷேர்' அழுத்தினால் வரும். ஆனால் அதற்கு அவர் அங்கேயே தன் போனை எடுத்து ஸ்கேன் செய்ய வேண்டும், ஸ்கேன் செய்தபிறகு நான் பார்த்துக்கொண்டிருக்க ஃபாலோ செய்யாமல் இருப்பது கஷ்டம். தாள் என்றால் பையில் போட்டுக்கொண்டு மறந்துவிடலாம். என் பெயரில் இரண்டு அண்டர்ஸ்கோர் வரும், அதை வாயால் சொன்னால் யாருக்கும் பிடிபடாது, அதனால் தாளில் அந்த இடத்தை மட்டும் அழுத்தி எழுதினேன். கீழே "வைகை, சுங்குடி" என்று இரண்டு வார்த்தை. பத்து நாள் கழித்துப் பையில் அந்தத் தாள் கிடைத்தால் இது யார் என்று ஞாபகம் வரணுமே. அவருடைய பெயரை இன்ஸ்டாவில் தேடி நானாக ரிக்வெஸ்ட் அனுப்பவில்லை. பெயரும், என்ன கற்கிறார் என்பதும் தெரியும், தேடினால் ஒருவேளை கிடைத்திருப்பார். அப்படிச் செய்திருந்தால் 2019 மறுபடியும் நடந்திருக்கும்.

இங்கே மறுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேராக "முடியாது" என்று சொல்வதில்லை, அதிலும் தனியாகப் பயணம் செய்யும் பெண் சொல்ல மாட்டார், எதிரில் இருப்பவன் கோபப்படுவானோ என்று அவருக்குத் தெரியாது. "நான் இன்ஸ்டா அவ்வளவா பார்க்க மாட்டேங்க." "போன்ல சார்ஜ் இல்ல." "வீட்டுல திட்டுவாங்க." "பரவாயில்லைங்க, எப்பவாவது பார்ப்போம்." இது எல்லாமே மறுப்புதான். சார்ஜ் இல்லை என்றால் பவர் பேங்க் நீட்டுவது, இன்ஸ்டா இல்லை என்றால் டெலிகிராம் இருக்கிறதா என்று கேட்பது, இரண்டும் ஒருவர் மூடிய கதவைத் தள்ளுவது. "சரிங்க, பேசினது சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு, முடிந்தால் வேறு பேச்சுக்குப் போய்விட வேண்டும், குரல் மாறாமல். ஒரு புத்தகக் கண்காட்சியில் ஒருவர் எனக்கு அப்படித்தான் மறுத்தார். நான் சரி என்று சொல்லிவிட்டு, அவர் தேடிக்கொண்டிருந்த புத்தகம் எந்த வரிசை ஸ்டாலில் பார்த்தேன் என்று சொல்லி அனுப்பினேன். அவர் முகம் இளகியதைப் பார்த்தபோது, எத்தனை பேரிடம் அவர் வேறு மாதிரி அனுபவித்திருப்பார் என்று தோன்றியது.

மறுத்தபிறகும் தொடர்வது வெறும் மரியாதைக் குறைவு மட்டும் இல்லை. ஒரு பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டியபிறகும் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது, தொடர்புகொள்ள முயல்வது இரண்டுமே குற்றம். 2013இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354டி பிரிவாக வந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 78ஆவது பிரிவு. முதல் முறைக்கே மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை இருக்கிறது. விடாமல் பின்னால் சுற்றினால் ஒருநாள் மனம் மாறும் என்று சினிமா பார்த்து வளர்ந்த நம்மில் பல பையன்களுக்கு இது தெரியாது, எனக்கும் ரொம்ப நாள் தெரியாது.

வைகைக்கு வருகிறேன். ஒரு வாரம் எதுவும் வரவில்லை. சரி, அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன், மனதில் சின்ன வருத்தம் இருந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பதினோராவது நாளோ என்னவோ, வேறு எதையோ தேடும்போது இன்ஸ்டாவில் மெசேஜ் ரிக்வெஸ்ட் பகுதியைத் திறந்தேன். நாம் ஃபாலோ செய்யாதவர் அனுப்பினால் மெசேஜ் நேராக உள்ளே வராது, அந்தத் தனி இடத்தில் போய் நிற்கும், சில நேரம் அறிவிப்புகூட வராது. அங்கே அவர் மெசேஜ் இரண்டு நாளாக இருந்தது. "வைகையில பேசினோமே. புடவை போட்டோ?" நம்முடைய பெயரைக் கொடுத்துவிட்டு வந்தால், அந்தப் பகுதியைத் தினம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும் என்பதை அன்றுதான் கற்றேன். இரண்டு நாள் பதில் இல்லாததால் அவர் வெட்கப்பட்டிருப்பார்.

தாமதத்துக்குக் காரணத்தை ஒரே வரியில் சொல்லி, அம்மாவிடம் சொல்லி எடுக்கச் சொன்ன மூன்று போட்டோவை அனுப்பினேன். முந்தி, உடல், அப்புறம் பின்பக்கம். அதோடு நிறுத்தினேன். அவருடைய பழைய படங்களுக்குப் போய் லைக் போடவில்லை, "என்ன பண்றீங்க", "சாப்டாச்சா" இல்லை, காலை வணக்கம் இல்லை. கொடுத்த வாக்கு எதுவோ அதை மட்டும் நிறைவேற்றிவிட்டு அடுத்த பேச்சை அவரிடம் விட்டேன்.

மதியம் அனுப்பினேன், இரவு பதில் வந்தது. பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கி, ஒரு ஓரத்தில் வட்டம் போட்டு அனுப்பியிருந்தார். "இந்த நாலு புள்ளியைப் பாருங்க, ஒவ்வொண்ணும் ஒரு சைஸ். கையால முடிச்சுப் போட்டதுதான். பாட்டி எங்க வாங்கினாங்கன்னு கேட்டுச் சொல்றீங்களா?" பாட்டி இல்லை. அம்மாவிடம் கேட்டேன், அம்மா சின்னத் தாத்தாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.